தம்ப்நெயில் தலைப்பு சிறிதானால் ஏன் மறைகிறது? கான்ட்ராஸ்டும் விளிம்புக்கோடும்

காணொளிக்குத் தம்ப்நெயில் செய்யும் எவரிடம் யோசனை கேட்டாலும், தலைப்பைப் பெரிதாகப் போடுங்கள், பளிச்சென்ற நிறம் கொடுங்கள் என்பார்கள். அதன்படியே செய்து, கணினித் திரை முழுவதும் படத்தை விரித்துப் பார்த்துத் திருப்தியடைந்து பதிவேற்றிய பிறகு, கைப்பேசியில் தேடல் பட்டியலில் அதைக் கண்டால் எழுத்து இருந்த இடத்தில் ஒரு கறை மட்டுமே தெரியும். நிறம் போதவில்லை என்று நினைத்து இன்னும் பளிச்சென்ற சிவப்பைக் கொடுப்பவர்களும், கான்ட்ராஸ்ட் பட்டையை வலப்பக்கம் தள்ளிப் படத்தையே வெளிறச் செய்பவர்களும் உண்டு. இரண்டும் பலன் தருவதில்லை. எழுத்து வாசிக்கக் கிடைப்பது எழுத்தின் நிறத்தை மட்டும் பொறுத்ததன்று; எழுத்து முடிந்து பின்னணி தொடங்கும் அந்த எல்லையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டுரை அந்த எல்லையைப் பற்றியது.

தம்ப்நெயில் என்பது காணொளியைத் திறப்பதற்கு முன் பட்டியலில் தெரியும் முகப்புப் படம். யூடியூபுக்காகப் பலரும் இதைச் செய்யும் அளவு 1280 பிக்சல் அகலம், 720 பிக்சல் உயரம். பிக்சல் என்பது திரைப் படம் எந்தச் சிறு கட்டங்களால் ஆனதோ அந்தக் கட்டங்களில் ஒன்று. ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு நிறந்தான் இருக்க முடியும்.

## கோலமும் சுவர் எழுத்தும்

வெள்ளைக் கோலமாவை வெளிறிய சிமெண்ட் தரையில் இட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. அருகில் குனிந்து இடும்போது இழைகள் தெரியும். தெருவுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் தெரியாது. அதே மாவைச் சாணம் தெளித்த ஈரத் தரையில் இட்டால் எதிர்வீட்டிலிருந்தும் தெரியும். மாவு மாறவில்லை, தரைதான் மாறியது. விழா நாளில் கோலத்தைச் சுற்றிச் செம்மண் பூசும்போது, தரை எந்த நிறத்தில் இருந்தாலும் வெள்ளை இழைக்குப் பக்கத்தில் ஓர் அடர்ந்த நிறம் நிச்சயமாக வந்துவிடுகிறது.

சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர்களும் இதையே செய்கிறார்கள். முதலில் சுவருக்கு வெள்ளையடித்துப் பின்னணியை ஒரே நிறமாக்குகிறார்கள். பிறகு எழுத்தை எழுதி, அதன் ஓரத்தில் வேறு நிறத்தில் ஒரு கோடு ஓட்டுகிறார்கள். பேருந்தில் போகிறவருக்கு அந்தச் சுவர் சில விநாடிகளே கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தம்ப்நெயிலில் சுவருக்குப் பதிலாக ஒரு நிழற்படம் இருக்கிறது. அதற்கு வெள்ளையடிக்க முடியாது. ஆகவே ஓரக்கோட்டின் பொறுப்பு இங்கே கூடுகிறது.

## படம் சுருங்கும்போது நடப்பது

1280 பிக்சல் அகலமுள்ள படத்தைப் பட்டியலில் 160 பிக்சல் அகலத்தில் காட்ட வேண்டுமென்றால், அகலத்தில் எட்டில் ஒரு பங்கும் உயரத்தில் எட்டில் ஒரு பங்கும்தான் மிஞ்சும். அதாவது, மூலப் படத்தின் எட்டுக்கு எட்டு சதுரமான 64 பிக்சல்களும் சேர்ந்து சிறிய படத்தில் ஒரே பிக்சலாகின்றன. அந்த ஒன்றுக்கு என்ன நிறம் கொடுப்பது என்பதற்கு மென்பொருள் ஏறக்குறைய அந்த 64 நிறங்களின் சராசரியை எடுத்துக்கொள்கிறது. எட்டு வகைப் பொரியலை ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கலந்தால் தனித்தனிச் சுவை போய் ஒரு பொதுச் சுவை வருவதுபோல, எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் அந்தக் கட்டத்துக்குள் கலந்துவிடுகின்றன.

இதிலிருந்து ஒரு நேரடியான அளவு கிடைக்கிறது. எழுத்தின் கோடு 4 பிக்சல் தடிமன் என்றால், சிறிய படத்தில் அது ஒரு கட்டத்தின் பாதியை மட்டுமே நிரப்பும், மறுபாதி பின்னணி. வெள்ளை எழுத்து பழுப்பு நிறக் குழம்பின் படத்தின் மேல் இருந்தால் அந்தக் கட்டம் வெள்ளையாக இராது, வெளிர்பழுப்பாக இருக்கும். 8 பிக்சல் தடிமனும் போதாது. கோடு சரியாகக் கட்டத்தின் எல்லையில் தொடங்கும் என்பதற்கு உறுதியில்லை; நடுவில் தொடங்கினால் பாதி ஒரு கட்டத்திலும் பாதி அடுத்த கட்டத்திலுமாகப் பிரிந்து, இரண்டு கட்டங்களும் மங்கிவிடும். 16 பிக்சல் தடிமன் இருந்தால், கோடு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டமாவது அந்த நிறத்தால் முழுவதும் நிரம்பும்.

இக்காலக் கைப்பேசிகளில் பிக்சல்கள் மிக நெருக்கமாக இருப்பதால் இந்தக் கலப்பு திரையில் இவ்வளவு நேர்வதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே கலப்பு கண்ணில் நிகழ்கிறது. கையில் பிடித்திருக்கும் தூரத்தில், இரண்டரை செ.மீ. அகலமுள்ள தம்ப்நெயிலில், மூலப் படத்தின் 8 பிக்சல் கோடு சுமார் 0.16 மி.மீ. தடிமன் கொள்ளும். நகரும் பட்டியலில், வெயிலில், விரலால் தள்ளியபடி பார்க்கும் கண்ணுக்கு அது பால்பாயிண்ட் கோட்டைவிட மெல்லிய இழை. கணக்கு வேறானாலும் விளைவு ஒன்றே.

இதுவரை: படம் சுருங்கும்போது நிறங்கள் கலக்கின்றன. 1280 பிக்சல் படத்தில் 8 பிக்சலுக்குக் குறைந்த எதுவும் தன் நிறத்தோடு தப்புவதில்லை. 16 பிக்சல் உள்ளது நிச்சயமாகத் தப்பும்.

## நிறம் வேறு, ஒளிர்வு வேறு

அடுத்த குழப்பம் நிறத்தைப் பற்றியது. சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறங்கள் என்பதால் ஒன்றின் மேல் மற்றொன்று நன்றாகத் தெரியும் என்று எண்ணுகிறோம். சிறிய எழுத்தின் வடிவத்தைக் கண் அறிவது பெரும்பாலும் ஒளிர்வு வேறுபாட்டால்தான். ஒளிர்வு என்பது ஒரு நிறம் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகப் படுகிறது என்பதன் அளவு. தூய மஞ்சளின் ஒளிர்வு ஏறக்குறைய வெள்ளைக்கு நிகரானது. தூய சிவப்பின் ஒளிர்வு அதில் கால்பங்கு கூட இல்லை. தூய நீலம் இன்னும் இருண்டது. போதாக்குறைக்கு, ஜேபெக் படக் கோப்புகளில் பெரும்பாலும் ஒளிர்வு முழு நுட்பத்தோடும், நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதி நுட்பத்தோடுமே சேமிக்கப்படுகின்றன. நிறத்தை மட்டும் நம்பியிருக்கும் விளிம்பு முதலிலேயே குழைந்துவிடுகிறது.

கான்ட்ராஸ்ட் என்று இங்கே சொல்வது, பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு நிறங்களின் ஒளிர்வுக்கு இடையிலான விகிதம். படத்தைத் திருத்தும் செயலியில் அதே பெயரில் இருக்கும் பட்டை படம் முழுவதையும் மாற்றுவது. எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையிலான விகிதத்தை அது கவனிப்பதே இல்லை. இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை நெறிமுறைகள் இந்த விகிதத்தை 1 முதல் 21 வரை அளக்கின்றன. ஒரே நிறம் என்றால் 1, கறுப்பும் வெள்ளையும் என்றால் 21. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது அந்நெறிமுறைகளின் வரம்பு. தம்ப்நெயில் எழுத்து சுருங்கும்போது விகிதம் மேலும் விழும் என்பதால், அந்த எல்லையில் நின்றுவிடாமல் 10-க்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இதை ஓர் உண்மைப் படத்தில் பார்ப்போம். என் சித்தி வீட்டிலிருந்தே நடத்தும் சமையல் சேனலில், மண்சட்டியில் மீன் குழம்பும் பக்கத்தில் சோறுமாக ஒரு படம் இருந்தது. அதன் மேல் தூய சிவப்பில், சுமார் 60 பிக்சல் உயரத்தில், "மண்சட்டியில் வஞ்சிரம் மீன் குழம்பு வைப்பது எப்படி" என்று இரண்டு வரி. குழம்பின் நடுப்பகுதி நிறத்தை எடுத்துப் பார்த்தால் அதன் நிறக் குறியீடு #9A4A1E. அதற்கும் சிவப்புக்கும் விகிதம் 1.6 மட்டுமே. எழுத்து மறைந்ததில் வியப்பில்லை.

சித்தி முதலில் செய்த திருத்தம் வெள்ளை எழுத்து. குழம்பின் மேல் வெள்ளைக்கு விகிதம் 6.2 வரை ஏறியது. ஆனால் வரியின் பிற்பாதி சோற்றின் மேல் போனது. சோற்றின் நிறம் #EDE8DC, அதற்கும் வெள்ளைக்கும் விகிதம் 1.2. முன்பாதி தெரிந்து பின்பாதி கரைந்தது. குழம்பின் மேல் இருந்த பாதியும், 4 பிக்சல் மெல்லிய கோடுகளாக இருந்ததால், சுருங்கிக் கலந்தபின் 6.2-இலிருந்து 2.8-க்கு இறங்கிவிட்டது. மஞ்சளுக்கு மாற்றினாலும் நிலை இதுவே: குழம்பின் மேல் 5.8, சோற்றின் மேல் 1.1.

நிழற்படத்தில் இருண்ட இடமும் வெளிறிய இடமும் அருகருகே இருக்கும்வரை, எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றை எழுத்து நிறம் என்று ஒன்று கிடையாது. நிறத்தை மாற்றிக்கொண்டே போகும் முயற்சி முடிவில்லாமல் நீள்வதற்குக் காரணம் இதுதான்.

## விளிம்புக்கோடு உண்மையில் செய்வது

விளிம்புக்கோடு என்பது எழுத்தின் வடிவத்தை அப்படியே பின்பற்றி அதன் ஓரம் முழுவதும் ஓடும் வேறு நிறக் கோடு. செயலிகளில் இதற்கு Stroke அல்லது Outline என்று பெயர் இருக்கும். பலர் இதை அலங்காரம் என்று எண்ணுகிறார்கள். அதனாலேயே 2 அல்லது 3 பிக்சலில் அழகாக ஒன்றைப் போட்டுவிட்டு, பயனில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். முன் பகுதியில் பார்த்த கணக்கின்படி அந்தக் கோடு சுருங்கும்போது இருந்த இடம் தெரியாமல் போகும்.

மஞ்சள் எழுத்துக்குக் கறுப்பு விளிம்புக்கோடு போட்டால், எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது இனிக் குழம்பும் அன்று, சோறும் அன்று, கறுப்புதான். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் விகிதம் 19.6. அந்த விகிதம் எழுத்தின் எல்லாப் பக்கத்திலும், எல்லா எழுத்திலும் ஒன்றாகவே இருக்கும். எழுத்து தனக்கு வேண்டிய பின்னணியைத் தன்னோடு கொண்டுவந்துவிடுகிறது. கோலத்துக்குச் செம்மண் செய்த வேலை இது. கறுப்புக் கோட்டின் வெளி ஓரம் இருண்ட சட்டியில் கரைந்துபோனாலும் கவலையில்லை, ஏனென்றால் நாம் வாசிப்பது மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையிலான உள் ஓரத்தை.

மங்கலாகப் பரவும் நிழல் இதற்கு மாற்றாகாது. நிழல் ஓரத்திலிருந்து படிப்படியாக வெளிறிக்கொண்டே போவதால், சராசரி எடுக்கும்போது பின்னணி சற்று அழுக்கானது போன்ற தோற்றம் மட்டுமே மிஞ்சுகிறது. விளிம்புக்கோட்டுக்குப் பின்னால் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்; அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது.

## கோடு எந்தப் பக்கம் வளர்கிறது

தமிழில் எழுதும்போது மிக அதிகமாகப் பிழையாவது இந்த இடம் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். விளிம்புக்கோட்டுக்கு மூன்று நிலைகள் உண்டு: எழுத்தின் வெளிப்பக்கம், உட்பக்கம், ஓரத்தின் நடுவில் அமர்ந்து இருபக்கமும். ஃபோட்டோஷாப்பில் இவை Stroke பகுதியில் Position என்ற இடத்தில் Outside, Inside, Center என்று இருக்கும். உட்பக்கம் வளரும் கோடு எழுத்தையே தின்னும். நடுவில் அமரும் கோடு பாதித் தடிமனை எழுத்துக்குள்ளிருந்து எடுத்துக்கொள்ளும். 24 பிக்சல் தடிமனுள்ள எழுத்துக்கு நடுநிலையில் 16 பிக்சல் கோடு போட்டால், இருபுறமும் 8 பிக்சல் போய், மஞ்சள் 8 பிக்சலாக மெலிந்துவிடும். தடிமனான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்ததன் பயன் அங்கேயே போயிற்று.

தமிழ் எழுத்தில் இதன் விலை அதிகம். மி என்பதையும் மீ என்பதையும் பிரிப்பது மேலே உள்ள ஒரு சிறு சுழி. பெய் என்பதையும் பேய் என்பதையும் பிரிப்பது கொம்பின் சுழி. எரி என்பது ஏரி ஆவது கீழே ஒரு சாய்கோட்டால். புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். கோடு உள்ளே வளரும்போது முதலில் மறைவன இந்தச் சிறு உறுப்புகளே. சொல் மங்குவதோடு நிற்காமல் வேறு சொல்லாகவே மாறிவிடுகிறது.

வெளிப்பக்கம் வளரும் கோடு சுழியின் உள்வெளியைக் கறுப்பால் அடைத்துவிடாதா என்ற ஐயம் வரலாம். அடைக்கும், அதனால் கேடில்லை. சுழியைச் சுற்றி மஞ்சள், உள்ளே கறுப்பு என்றால் சுழி தெளிவாகவே தெரியும். கேடு வருவது சுழியின் உள்வெளியே 8 பிக்சலுக்குக் குறையும்போது. அப்போது மஞ்சளும் கறுப்பும் கலந்து சுழி ஒரு மஞ்சள் பொட்டாகிவிடும். மிகத் தடிமனான எழுத்துருக்களில் இது நேர்கிறது. ஆகவே எழுத்துருவின் கடைசித் தடிமனுக்குப் போகாமல் அதற்கு ஒரு படி முன்னால் நின்றுகொள்ளலாம். கட்டமரான், முக்தா மலர் போன்ற எழுத்துருக்கள் பல தடிமன்களில் கிடைப்பதால் இப்படித் தேர்ந்தெடுக்க வசதியாக இருக்கும்.

செயலியில் வெளிப்பக்கம் என்ற தேர்வே இல்லாவிட்டால் வழி எளிது. அதே சொல்லை இரண்டு அடுக்குகளாக வையுங்கள். கீழ் அடுக்கில் கறுப்பு எழுத்துக்கு 32 பிக்சல் நடுநிலைக் கோடும் கறுப்பிலேயே கொடுங்கள். மேல் அடுக்கில் கோடே இல்லாத மஞ்சள் எழுத்தைச் சரியாக அதன்மேல் பொருத்துங்கள். உள்ளே போன பாதியை மஞ்சள் மூடிவிடும்; வெளியே 16 பிக்சல் தெரியும். கிம்ப் செயலியில் Alpha to Selection கொடுத்து, Grow வழியாக 16 பிக்சல் விரித்து, கீழே புதிய அடுக்கில் கறுப்பை நிரப்பினால் இதே விளைவு கிடைக்கும். இரண்டு அடுக்கு முறையில் இன்னொரு நன்மையும் உண்டு: சில செயலிகளில் அடுத்த எழுத்தின் கறுப்புக் கோடு முந்தைய எழுத்தின் மேல் ஏறி அதன் காலை வெட்டிவிடும், மஞ்சள் முழுவதும் மேல் அடுக்கில் இருந்தால் அது நேராது.

இந்தப் பகுதியின் சாரம்: வெளிர்ந்த எழுத்து, இருண்ட கோடு, கோடு வெளிப்பக்கம், தடிமன் 16 பிக்சல் அளவில். சுழிகளின் உள்வெளியும் புள்ளிக்குக் கீழுள்ள இடைவெளியும் 8 பிக்சலுக்குக் குறையக் கூடாது.

## மீன் குழம்புத் தலைப்பைத் திருத்தியது

திருத்தத்தைத் தொடங்கும் முன், எழுத்து இல்லாத மூலப் படம் வேண்டும். எழுத்தோடு சேர்ந்து ஒட்டிப்போன ஜேபெக் கோப்பிலிருந்து பழைய தலைப்பைப் பிரிக்க முடியாது. எங்களிடமும் அது இல்லை; காணொளியிலிருந்து அதே காட்சியை மறுபடி எடுத்துக்கொண்டோம்.

அடுத்து சொற்களைக் குறைத்தோம். காணொளியின் பெயர் படத்துக்குப் பக்கத்திலேயே எழுத்தாக வரும் என்பதால், "வைப்பது எப்படி" என்பதைப் படத்திலும் சொல்லத் தேவையில்லை. மண்சட்டி படத்திலேயே தெரிகிறது. வஞ்சிரம் என்ற சொல்லை நீக்கச் சித்திக்கு மனம் வரவில்லை. அதைக் காணொளியின் பெயரில் முதல் சொல்லாக வைத்த பிறகே ஒத்துக்கொண்டார். மிஞ்சியது "மீன் குழம்பு" என்ற இரண்டு சொல், இரண்டு வரி. இடம் கிடைத்ததும் எழுத்தின் உடல் உயரத்தை, அதாவது மேற்சுழியும் கீழ்க்காலும் சேராத உயரத்தை, 60-இலிருந்து 150 பிக்சலாக ஏற்ற முடிந்தது. 160 பிக்சல் அகலப் படத்தில் அது 19 பிக்சல்; முன்பு ஏழோ எட்டோதான் இருந்தது.

எழுத்து மஞ்சள் #FFFF00, கோடு கறுப்பு, வெளிப்பக்கம் 16 பிக்சல். முனைகளை வட்டமாக வைத்தோம்; கூர்முனையாக விட்டால் எழுத்துக் கோடுகள் சந்திக்கும் இடங்களில் முள் போல நீட்டிக்கொள்ளும். முதல் பார்வையில் இரண்டு குறைகள் தெரிந்தன. ன் என்பதன் புள்ளி எழுத்தின் தலையை ஒட்டியே இருந்ததால், இடையில் 6 பிக்சல்தான் கறுப்பு; சுருக்கினால் புள்ளி ன-வோடு சேர்ந்து "மீன" என்று தெரிந்தது. எழுத்தை வடிவமாக மாற்றி, புள்ளியை மட்டும் 8 பிக்சல் மேலே தள்ளிய பிறகு பிரிந்து நின்றது. எழுத்துருவை மாற்றியும் இதைத் தீர்க்கலாம். இரண்டாவது குறை வரி இடைவெளி: மேல் வரியின் கீழ்க்கோடும் கீழ் வரியில் ம்-இன் புள்ளிக்கான கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரிந்தன. இடைவெளியைக் கூட்டினோம்.

தலைப்பை இடப்பக்கம் மேலே வைத்தோம். யூடியூப் காணொளியின் நேர அளவைப் படத்தின் வலக் கீழ் மூலையில் ஒட்டுகிறது. ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு அடியில் ஒரு சிவப்புப் பட்டையும் வரும். அந்த இடத்தில் எழுத்தின் கால் இருந்தால், "பு" கண்ணுக்குப் "ப" ஆகிவிடும்.

## சரியாக வந்ததா என்று அறிய

செயலியில் படத்தை 12.5 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். அது 160 பிக்சல் அகலம். கூடவே கறுப்பு வெள்ளையாகவும் மாற்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிறத்தால் மட்டும் பிரிந்து நிற்கும் எழுத்து அதில் மறைந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கட்டளை எழுதிப் படத்தை மாற்றும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளை நிறுவியிருப்பவர்கள் இரண்டையும் ஒரே வரியில் செய்யலாம்:

```
magick thumb.png -resize 160x90 -colorspace Gray small.png
```

நம் தலைப்பு நமக்குத் தெரியும் என்பதால் நம் கண் அதை எப்போதும் வாசித்துவிடும். அதனால் இந்தச் சிறுபடத்தைத் தலைப்பு தெரியாத ஒருவரிடம் காட்டி, இரண்டு விநாடிக்குப் பிறகு மறைத்து, என்ன எழுதியிருந்தது என்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் சிவப்பு எழுத்துப் படத்தைக் காட்டியபோது, சட்டியில் ஏதோ இருக்கிறது என்றான். வேறொரு சிறுமியிடம் புதியதைக் காட்டினோம். "மீன் குழம்பு" என்று உடனே சொன்னாள்.

ஒருவர் தவறாக வாசித்தால், எந்த எழுத்தில் தவறினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா எழுத்தும் மங்கல் என்றால் விகிதமோ உயரமோ குறைவு. ஓர் எழுத்து மட்டும் மாறித் தெரிந்தால் அதன் சுழியோ புள்ளியோ அடைபட்டிருக்கிறது. வரியின் ஒரு பகுதி மட்டும் போனால் விளிம்புக்கோடு மெல்லியது, பின்னணி உள்ளே புகுந்திருக்கிறது. திருத்திய படத்தை வெளியான காணொளிக்கும் யூடியூப் ஸ்டுடியோவில் மாற்றிவிடலாம். காணொளியின் முகவரி மாறாது. அடுக்குகள் பிரிந்திருக்கும் கோப்பைத் தனியே சேமித்து வைத்தால், அடுத்த முறை படக் காட்சியை மறுபடி தேடி எடுக்க வேண்டியிராது.